செப்டம்பர் கூடுகை: அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ – நாள், கேள்விகள், ஏற்பாடுகள்

மாரேட்பள்ளி வாசகி (ஒருங்கிணைப்பு)

அனைவருக்கும் வணக்கம்.

இந்த மாதக் கூடுகை செப்டம்பர் 21, ஞாயிறு மாலை 4 மணிக்கு. இடம் வழக்கமான மொட்டை மாடி. மழை வந்தால் கீழே கூடத்தில் உட்காருவோம். வருகிறேன் என்று இங்கே சொல்பவர்களுக்கு முகவரியைத் தனியாக அனுப்புகிறேன்.

நூல்: அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. இரட்டை நகரத்தில் தமிழ் வாசிக்கக் கூடும் நாம் இதை இதுவரை எடுக்காமல் இருந்தோம். 1948இல் நிஜாம் பணிந்த செப்டம்பர் 17 வரும் வாரத்தில், இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தோன்றவில்லை. மறுநாள், 22ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளும்கூட. 1931இல் இதே சிகந்திராபாத்தில் பிறந்தவர்.

படிக்காதவர்களுக்குக் கொஞ்சம் மட்டும். சந்திரசேகரன் என்ற கல்லூரிப் பையன், ரயில்வேயில் வேலை பார்க்கும் தமிழ் அப்பா, லான்சர் பாரக்ஸ் குடியிருப்பு, சைக்கிள், கிரிக்கெட். காலம் 1947–48. இந்தியா சுதந்திரம் அடைந்துவிட்டது, நிஜாம் சேரவில்லை, அவருக்கு ஆதரவான ஆயுதப் படையான ரஜாக்கர்கள் தெருவில் நடக்கிறார்கள். பெரிய சம்பவங்கள் எல்லாம் பையனின் கண்ணில் எவ்வளவு பட்டதோ அவ்வளவுதான் நமக்கும் கிடைக்கும். நாவல் வெளிவந்தது 1977இல். சம்பவங்களுக்கும் எழுத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட முப்பது வருடம்.

கேள்விகளைக் கீழே தருகிறேன். ‘பிடித்ததா’, ‘என்ன கருத்து’ என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பேச்சு புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. இந்த நூலில் அந்த ஆபத்து இரண்டு மடங்கு, ஏனென்றால் நம் எல்லோரிடமும் 1948 பற்றி ஒரு அபிப்பிராயம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கேள்வியும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தால்தான் பதில் சொல்ல முடியும் என்கிற மாதிரி வைத்திருக்கிறேன்.

1. கதை சில இடங்களில் ‘நான்’ என்று சொல்லப்படுகிறது, சில இடங்களில் ‘சந்திரசேகரன்’ என்று படர்க்கைக்கு மாறுகிறது. உங்கள் பிரதியில் மாறும் இடங்களை எல்லாம் பென்சிலால் குறியுங்கள். ஒரே ஒரு இடத்தை எடுத்து, அங்கே ஏன் மாறியது என்று சொல்லுங்கள்.

2. ஆரம்பத்தில் அவனோடு விளையாடுபவர்கள் யார் யார்? நாவல் நகர நகர அவர்களில் யார் காணாமல் போகிறார்கள்? அதை ஆசிரியர் அறிவிக்கிறாரா, அல்லது நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறதா?

3. அடுத்த வீட்டுக் காசிம் குடும்பம் வரும் ஏதாவது ஒரு சம்பவம். அன்றைக்கு அங்கே யாருக்கு யாரிடம் பயம்?

4. கல்லூரியைப் புறக்கணிக்கும் போராட்டத்தில் அவன் சேர்வது நம்பிக்கையாலா, கூட்டத்தாலா, வெட்கத்தாலா? அவனே சொல்லும் காரணத்தை நம்பலாமா?

5. கடைசி அத்தியாயம். இதை மட்டும் இங்கே பேச வேண்டாம், நேரில் வைத்துக்கொள்வோம். கூடுகையின் கடைசி நாற்பது நிமிடம் இதற்கே. படிப்பதற்குக் கனமான காட்சி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு: வாருங்கள். முழுதும் படித்து முடிக்காவிட்டாலும் வாருங்கள், பாதி வரை வந்தவர் கேட்கும் கேள்விதான் பல நேரம் நாங்கள் கவனிக்காமல் போனதாக இருக்கிறது. முதல் தடவை வருபவர் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிடித்த ஒரு பத்தியை வாசித்துக் காட்டினாலே போதும். தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும் உண்டு.

கோண்டாப்பூர்க்காரன்

வருகிறேன் மேடம். அருமையான தேர்வு. ஆனால் கேள்விகளில் வரலாறே இல்லையே? போலீஸ் நடவடிக்கை எப்படி நடந்தது, படேல் என்ன செய்தார், நிஜாம் ஏன் இறங்கி வந்தார் என்று ஒரு கேள்வியாவது வேண்டாமா? ஐந்தே நாளில், பெரிய ரத்தச்சேதம் இல்லாமல் ஒரு சமஸ்தானத்தை இணைத்தது சாதாரண விஷயமா? இது தெரியாமல் படித்தால் சின்னப் பசங்க கிரிக்கெட் ஆடும் கதையாகத்தான் தெரியும்.

புதுவாசகி

வணக்கம். நான் புதுசு. பிறந்து வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத், பள்ளியில் தெலுங்குதான் படித்தேன். தமிழ் வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தது, ரொம்ப மெதுவாகத்தான் வாசிப்பேன். இந்தக் குழுவில் சேரலாமா? புத்தகத்தைப் பாதி வரைக்கும் வந்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: அடுத்த வீட்டில் இருக்கும் காசிம்தான் ரஜாக்கர் தலைவரா? அவ்வளவு பெரிய ஆள் ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டில் இருந்தாரா என்று ஆச்சரியமாக இருந்தது.

பத்மாராவ் நகர் பெரியவர்

வாம்மா. சேரலாமா என்று கேட்க வேண்டியதே இல்லை.

அந்தக் காசிம் வேறு, இந்தக் காசிம் வேறு. ரஜாக்கர் தலைவர் காசிம் ரஜ்வி. லாத்தூரில் வக்கீலாக இருந்தவர். சந்திரசேகரன் பக்கத்து வீட்டுக்காரர் சாதாரண மனுஷன், இவர்களைப் போலவே குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்துகிறவர். ஆனால் உன் சந்தேகம் தப்பான இடத்தில் வரவில்லை. அந்தப் பெயர் தினமும் ஊர் முழுக்கப் பயத்தோடு பேசப்பட்ட காலத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பெயர் என்றால் அந்தப் பையன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்.

என் அப்பா நிஜாம் ஸ்டேட் ரயில்வேயில்தான் இருந்தார். நான் அதற்கப்புறம் பிறந்தவன், எல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். 1948இல் குடும்பத்தைப் பட்டணத்துப் பக்கம் அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தவர்கள் நிறையப் பேர். அனுப்ப முடியாதவர்களும் இருந்தார்கள். ஊருக்குப் போனால் அங்கே யார் வீட்டில் தங்குவது என்ற கேள்விக்கு பதில் இல்லாதவர்கள். எங்கள் வீடும் அப்படித்தான். அப்பா ரஜாக்கர்களைப் பற்றிப் பேசியதைவிட, இந்தியா வைத்த முற்றுகையில் பொருள்கள் கிடைக்காமல் போனதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். இந்த நாவலில் எனக்கு முதலில் பிடித்ததே அந்த அளவுதான். பயம் எப்போதும் பயமாகவே வருவதில்லை, சைக்கிள் பஞ்சராவதற்கும் டியூஷன் போவதற்கும் நடுவில்தான் வருகிறது.

வரலாற்று ஆசிரியை

கோண்டாப்பூர் நண்பருக்கு. ஐந்து நாள் என்பது சரி. செப்டம்பர் 13 அன்று படை நுழைந்தது, 17 அன்று நிஜாம் வானொலியில் பேசினார், 18 அன்று அவருடைய தளபதி எட்ரூஸ் மேஜர் ஜெனரல் சௌத்ரியிடம் முறைப்படி சரணடைந்தார். பெயர்தான் போலீஸ் நடவடிக்கை, செய்தது ராணுவம். ரத்தச்சேதம் இல்லை என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. படை மோதல் சீக்கிரம் முடிந்தது. அந்த நாட்களிலும் அதற்கடுத்த வாரங்களிலும் முஸ்லிம்கள் மேல் நடந்த தாக்குதல்களை விசாரிக்க நேரு ஒரு குழுவை அனுப்பினார். பண்டித சுந்தர்லால் தலைமை தாங்கினார். குறைத்துக் கணக்கிட்டாலே 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அந்த அறிக்கை சொன்னது. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு ஆகிய நான்கு மாவட்டங்கள்தான் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை. பல பத்தாண்டுகள் அரசு அந்த அறிக்கையை வெளியிடவே இல்லை.

அதற்கு முன்னால் ரஜாக்கர்கள் கிராமங்களில் செய்த கொலைகளும் கொள்ளையும் உண்மை. இரண்டில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட்டுவிட்டால் இந்த நாவலின் பின்பாதி புரியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நாவல் 1977இல் வந்தபோது அந்த அறிக்கை பொதுவெளியில் இல்லை. அசோகமித்திரன் ஒரு எண்ணிக்கையும் தரவில்லை. அவர் தந்தது ஒரு வீடு, ஒரு மாலை.

கோண்டாப்பூர்க்காரன்

மேடம், அந்த எண்ணிக்கையைக் கேள்வி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அது ஒரு குழுவின் மதிப்பீடுதானே. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நீங்களே இப்போது இரண்டு பத்தி வரலாறு எழுதினீர்கள். இது கேள்விப் பட்டியலில் இருக்க வேண்டியது, இல்லையா?

வரலாற்று ஆசிரியை

மதிப்பீடுதான், மறுக்கவில்லை. ஆனால் அரசே அனுப்பிய குழு, நேரில் போய் விசாரித்து எழுதியது. அதைவிட அருகிலிருந்து எழுதப்பட்ட வேறு கணக்கு என்னிடம் இல்லை.

பட்டியலில் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். வகுப்பில் இருபது வருடமாகப் பார்க்கிறேன். 1948 என்று ஆரம்பித்தால் விடுதலை நாளா, ஒருமைப்பாட்டு நாளா என்ற சண்டையில்தான் முடிகிறது. அந்தச் சண்டைக்கு இந்தப் புத்தகம் தேவையே இல்லை, அது இல்லாமலேயே செய்தித்தாளில் நடக்கிறது.

மாரேட்பள்ளி வாசகி

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். தொடக்கத்தில் பத்து நிமிடம், ஆசிரியை மேடம் ஒரு சின்னக் காலவரிசை தரட்டும். 1947 நவம்பரில் நிஜாமோடு போட்ட ஓராண்டு உடன்படிக்கையில் தொடங்கி 1948 செப்டம்பர் 18 வரைக்கும். ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு யார் வரலாறு பேசினாலும் ‘எந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறீர்கள்’ என்று அருகில் இருப்பவர் கேட்கலாம். கோண்டாப்பூர் நண்பரே, நீங்கள் கேட்ட கேள்வியை இப்படி மாற்றினால் சம்மதமா: படை நுழைந்த ஐந்து நாட்களில் நாவலுக்குள் சந்திரசேகரனுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியாது? இதை 5ஆவது கேள்வியாகச் சேர்த்து, கடைசி அத்தியாயத்தை 6 ஆக்கிவிடுகிறேன்.

கோண்டாப்பூர்க்காரன்

சம்மதம். பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் படேல் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாதென்றால் அது கொஞ்சம் கஷ்டம்தான்.

மட்டையாளன்

கிரிக்கெட் கேள்வி இருப்பதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன் 🙂 செப்டம்பர் 21 காலையில் ஆட்டமா, மாலையிலா? பரேட் மைதானமா? எங்கள் அணியில் ஆறு பேர் இருக்கிறோம், டென்னிஸ் பந்தா, கார்க் பந்தா?

மாரேட்பள்ளி வாசகி

நண்பரே, இது ஆட்டம் இல்லை, நாவல் வாசிப்பு. ஆனால் நீங்கள் வந்தால் எங்களுக்கு நல்லது. இரண்டாவது கேள்வி முழுக்க கிரிக்கெட்தான். அந்த ஆட்டக் காட்சிகளை ஆடத் தெரிந்த ஒருவர் வாசித்தால் வேறு விஷயங்கள் தெரியும் என்று எனக்கு வெகுநாளாக ஒரு எண்ணம். முதல் சில அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டு வாருங்கள், புத்தகம் என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது.

மட்டையாளன்

புத்தகம் படித்து ரொம்ப நாள் ஆச்சு. ஆனால் சரி, கொடுங்கள்.

புதுவாசகி

எனக்கு முதல் கேள்வியில் ஒரு உதவி வேண்டும். ‘நான்’ என்று போய்க்கொண்டிருந்த கதை திடீரென ‘சந்திரசேகரன்’ என்று வந்ததும், அது இன்னொரு ஆளைப் பற்றிய கதை என்று நினைத்துப் பத்துப் பக்கம் படித்துவிட்டேன். என் தமிழில்தான் கோளாறு என்று திரும்பப் போய்ப் படித்தேன். இது எல்லோருக்கும் நடக்குமா? எழுத்தாளர் ஏன் இப்படிக் குழப்ப வேண்டும்?

பத்மாராவ் நகர் பெரியவர்

உன் தமிழில் ஒரு கோளாறும் இல்லை. முதல் தடவை எனக்கும் தட்டியது. என் நண்பர் ஒருவர், நல்ல வாசகர், இதை நாவலின் குறை என்றே சொல்வார். வெவ்வேறு சமயத்தில் எழுதியவற்றைச் சேர்த்துத் தைத்த தையல் தெரிகிறது என்பார். நான் ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் அவர் வாயை அடைக்கிற பதிலும் என்னிடம் இல்லை.

வரலாற்று ஆசிரியை

என் யோசனையைச் சொல்கிறேன், முடிவு அல்ல. சம்பவம் நடந்தபோது அசோகமித்திரனுக்குக் கிட்டத்தட்ட சந்திரசேகரன் வயது. எழுதும்போது நாற்பதுகளில் இருக்கிறார், சென்னைக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. ‘நான்’ என்று வரும்போது அந்தப் பையன் தெருவிலேயே நிற்கிறான், அடுத்த நொடி என்ன என்று தெரியாது. ‘சந்திரசேகரன்’ என்று வரும்போது அவனை யாரோ கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார்கள். பார்ப்பவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், ஆனாலும் சொல்ல மாட்டார். இப்படி வைத்துப் படித்தால், எந்தெந்த இடத்தில் அவர் பையனை நெருங்கவிடாமல் விலக்கி வைக்கிறார் என்று பார்க்கலாம்.

புதுவாசகி, நீங்கள் செய்து பார்க்க ஒரு காரியம். மாறும் இடத்தில் ஒரு பத்தியை எடுத்து, ‘சந்திரசேகரன்’ இருக்கும் இடத்தில் எல்லாம் ‘நான்’ என்று போட்டு வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எந்த வரி சகிக்க முடியாமல் போகிறதோ, எந்த வரி பொய்யாக ஒலிக்கிறதோ, அந்த வரிக்காகத்தான் மாற்றினார் என்று நான் நினைக்கிறேன். எல்லாப் பத்தியிலும் இது வேலை செய்யாது. சில இடத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. அங்கே பெரியவரின் நண்பர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றும்.

பத்மாராவ் நகர் பெரியவர்

நல்ல சோதனை இது. நான் இன்று காலை காந்தி இறந்த செய்தி வரும் பகுதியை எடுத்து இப்படி வாசித்துப் பார்த்தேன். படர்க்கையைத் தன்மையாக மாற்றியும், தன்மையைப் படர்க்கையாக மாற்றியும். அந்தப் பகுதியில் துக்கத்தைச் சொல்வதைவிட அவன் உடம்பு என்ன செய்கிறது, எங்கே போகிறது என்றுதான் எழுதியிருக்கிறார். தன்மையில் வாசித்தால் ‘எவ்வளவு துக்கப்பட்டேன் பார்’ என்று சொல்கிற தொனி உள்ளே வந்துவிடுமோ என்ற பயம் எழுகிறது. ஆனால் வரவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஞாயிற்றுக்கிழமை யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

தார்நாகா மாணவன்

சீனியர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு வேறு ஒரு கேள்வி. பையன் ஒரு தமிழ் பிராமணக் குடும்பம். நிஜாமும் இவர்களுடைய ராஜா இல்லை, இந்திய யூனியன் படை வந்ததும் உள்ளூர் இந்துக்கள் கொண்டாடியது போல இவர்கள் கொண்டாடினார்களா என்பதும் சந்தேகம். தெலங்கானா விவசாயிகள் 1946 முதலே ஆயுதம் ஏந்திப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அது இந்த நாவலில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எனக்கு இது பெரிய விடுபடலாகத் தெரிகிறது. இந்த ஊரைப் பற்றிய நாவல் என்று எப்படிச் சொல்வது? இது ரயில்வே குவார்ட்டர்ஸைப் பற்றிய நாவல்.

மாரேட்பள்ளி வாசகி

நல்ல கேள்வி. மன்னிப்பு எல்லாம் வேண்டாம் தம்பி. இதை மூன்றாவது கேள்வியோடு சேர்த்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு அங்கே சொந்தமாக ஒன்றும் கிடையாது. வேலை போனால் வீடு போகும். அப்பா ஏன் பல விஷயங்களில் வாயைத் திறப்பதில்லை என்பதை இந்த இடத்தில் இருந்து பாருங்கள். கிராமத்தில் நடப்பது அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் அது அவர்கள் பேச்சில் வருவதில்லையா? அந்த வித்தியாசத்துக்குப் புத்தகத்துக்குள் ஏதாவது சான்று இருக்கிறதா என்று தேடிக்கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள்.

தார்நாகா மாணவன்

தேடுகிறேன் அக்கா. ஆனால் ‘பையனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்’ என்று சொல்லி எழுத்தாளர் தப்பிக்கலாமா என்பதுதான் என் கேள்வி. எழுதியபோது அவருக்குத் தெரியுமே.

வரலாற்று ஆசிரியை

தெரியும். அதனால்தான் தப்பித்தல் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. தெரிந்ததை எல்லாம் உள்ளே கொண்டுவந்திருந்தால், கடைசி அத்தியாயத்தில் அந்தப் பையன் அந்த வீட்டுக்குள் நுழையும்போது வாசகருக்கு முன்பே பாதுகாப்பான ஒரு இடம் கிடைத்திருக்கும். இப்போது அது நமக்கு இல்லை.

கோண்டாப்பூர்க்காரன்

கடைசி அத்தியாயம் நேற்று ராத்திரி முடித்தேன். இங்கே பேசக் கூடாதென்று தெரியும், ஆனாலும் ஒன்று மட்டும். இவ்வளவு நேரம் அவன்தானே பயந்துகொண்டிருந்தான். சைக்கிளில் போகும்போது, இருட்டில், கல்லூரி வாசலில், எல்லா இடத்திலும். அந்த வீட்டில் இருப்பவர்கள் அவனைப் பார்த்து அப்படி நடுங்குவார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அவன் கையில் ஒன்றுமில்லை. அவன் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அவனைக் கண்டாலே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. அந்தப் பெண்

மாரேட்பள்ளி வாசகி

இதற்கு மேல் வேண்டாம், தயவுசெய்து. புதுவாசகி இன்னும் பாதியில் இருக்கிறார். மீதிப் பத்தியை மறைத்துவிட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய முதல் ஐந்து வரியை விட்டுவைத்திருக்கிறேன், ஏனென்றால் ஆறாவது கேள்வி அதுதான். இப்போது அதை உங்கள் சொற்களிலேயே மாற்றி எழுதுகிறேன்:

6. பயப்படுகிறவனாக இருந்த சந்திரசேகரன் எந்தப் பக்கத்தில் பயமுறுத்துகிறவனாக மாறுகிறான்? அவன் ஏதாவது செய்ததால் மாறினானா?

முன்பு ‘முடிவு பொருத்தமானதா’ என்றுதான் என் குறிப்பில் வைத்திருந்தேன். அதற்கு ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். இதற்கு அப்படி முடியாது.

வரலாற்று ஆசிரியை

இதில் எனக்கு ஒரு தயக்கம். கேள்வி முழுக்க சந்திரசேகரனைப் பற்றியே இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவர்கள் அவனுக்குப் பாடம் கற்பிப்பதற்காக அங்கே உட்காரவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாவல் ஒரு பெயர்கூடத் தருவதில்லை. அவள் பக்கமிருந்து அந்தச் சில நிமிடங்களைக் கேட்கும் கேள்வி ஒன்றும் வேண்டும். கேட்டால் பதில் சொல்லப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் கேட்க வேண்டும்.

பத்மாராவ் நகர் பெரியவர்

நான் இதற்கு எதிர்க்கட்சி, ஆசிரியை அம்மா. அவளுக்குப் பெயர் வைத்து, அவள் நினைத்ததை எழுதியிருந்தால் அது அவர் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னது ஆகியிருக்கும். பையன் அங்கே நின்றது எத்தனை நொடி? ஓடிவிடுகிறான். அவனுக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை என்பதைத்தான் நான் மரியாதை என்று நினைக்கிறேன்.

வரலாற்று ஆசிரியை

மரியாதையாகவும் இருக்கலாம், அவன் கதையின் முடிவுக்கு அவள் தேவைப்பட்டாள் என்பதாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடிகிறது என்னால். ஞாயிற்றுக்கிழமை சண்டை போடுவோம் ஐயா.

மாரேட்பள்ளி வாசகி

இரண்டும் இருக்கட்டும். 6அ, 6ஆ என்று வைத்துவிட்டேன். முதலில் யார் எதைப் பேசுவது என்பதைக் கூடுகையில் முடிவு செய்யலாம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். இதுவரை பதினான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம்தான். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தான் குறித்து வைத்த ஒரு பத்தியை வாசிக்க வேண்டும், விளக்கம் கூடாது. இதற்கு அரை மணி நேரம் ஆகும். நீளம் பத்து வரிக்குள் இருந்தால் எல்லோருக்கும் வாய்ப்பு வரும். பழைய உறுப்பினர்களில் இரண்டு பேர் முதலில் வாசிப்பார்கள், அதற்கப்புறம் புதியவர்கள், நான் கடைசியில். பிறகு ஆசிரியை மேடத்தின் காலவரிசை பத்து நிமிடம். அப்புறம் 1 முதல் 5 வரை. எல்லாவற்றுக்கும் நேரம் போதாது. 1உம் 3உம் கட்டாயம் எடுப்போம், மற்றவை பேச்சு போகும் போக்கில். 5.20 ஆனதும் எங்கே இருந்தாலும் நிறுத்திவிட்டு ஆறாவதுக்குப் போகிறோம்.

பக்க எண் சொல்லாதீர்கள். நம்மிடம் குறைந்தது மூன்று பதிப்புகள் இருக்கின்றன, எதிலும் எண் ஒத்துப்போகாது. அத்தியாயத்தையும், பத்தியின் முதல் இரண்டு மூன்று சொற்களையும் சொன்னால் எல்லோரும் பிடித்துவிடலாம்.

தமிழில் வேகமாக வாசிக்க முடியாதவர்கள் கோமதி நாராயணன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் கேள்விக்கு மட்டும் தமிழ்ப் பிரதியையே பாருங்கள்.

புதுவாசகி

ஆசிரியை மேடம் சொன்னதைச் செய்து பார்த்தேன். ஒரு பத்தியில் ‘சந்திரசேகரன்’ எல்லாவற்றையும் ‘நான்’ ஆக்கி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா நடுவில் நிறுத்தி, “இதை யாராவது தன்னைப் பற்றியே இப்படிச் சொல்வார்களா?” என்று கேட்டார். எந்த வரி என்று ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன். அம்மாவும் வரலாமா? அவர் படிக்கவில்லை, நான் வாசித்ததைத்தான் கேட்கிறார்.

மாரேட்பள்ளி வாசகி

அழைத்து வாருங்கள். மாடிக்குப் படி ஏற முடியாதென்றால் சொல்லுங்கள், எல்லோரும் கீழேயே உட்கார்ந்துவிடலாம்.

மட்டையாளன்

நாலு அத்தியாயம் படித்தேன். இரண்டாவது கேள்விக்கு ஒரு சின்ன விஷயம். இதில் ஆட்டம் நடக்கும் இடத்தில் எல்லாம் யார் ஜெயித்தது என்பதைவிட யார் யாரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள் என்பதில்தான் பையனுக்குக் கவனம். எங்கள் அணியிலும் அப்படித்தான், ஒருவன் வராமல் போனால் முதலில் வேறு ஏதோ காரணம் சொல்வான், நாங்களும் கேட்டுக்கொள்வோம். யார் எந்த அத்தியாயத்தில் கடைசியாக ஆடினார்கள் என்று ஸ்கோர் தாள் மாதிரி ஒன்று எழுதிக்கொண்டு வரட்டுமா?

மாரேட்பள்ளி வாசகி

கட்டாயம் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர், கடைசியாக வந்த அத்தியாயம், வராமல் போனதற்கு நாவலில் காரணம் சொல்லப்பட்டதா இல்லையா. மூன்று பத்தி போதும். பதினைந்து பிரதி எடுத்து வைக்கிறேன்.

தார்நாகா மாணவன்

அக்கா, அந்தப் பட்டியலில் நான்காவது ஒரு பத்தி சேர்க்கலாமா? ‘சந்திரசேகரன் அதைப் பற்றி விசாரித்தானா?’ என்று.